சார்ட்டில் எண்கள் நெருக்காமல் இருக்க: முழுமையாக்கல், தசமம், கமா

ஒரு பட்டை வரைபடம் போட்டு, அதில் டேட்டா லேபிளைச் சேர்த்ததும் எக்செல் நம் முன் வைப்பது செல்லில் இருக்கும் எண்ணை அப்படியேதான். 72147030 என்று எட்டு இலக்கம் ஒரு பட்டையின் தலையில் உட்கார்ந்திருக்கும். பக்கத்துப் பட்டையில் இன்னொரு எட்டு இலக்கம். பட்டைகள் சற்று ஒல்லியாக இருந்தால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். உடனே எழுத்தைச் சிறிதாக்குவோம், லேபிளைச் சாய்த்துப் பார்ப்போம். நானும் பல வருடங்கள் இதைத்தான் செய்தேன். கோளாறு எழுத்தின் அளவில் இல்லை, எண்ணின் நீளத்தில் இருக்கிறது என்று புரிந்த பிறகு வேலை சுலபமானது.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே தரவை எடுத்துக்கொள்கிறேன்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நான்கு தென் மாநிலங்களும் புதுச்சேரியும். ஆந்திரப் பிரதேசம் அப்போது பிரிக்கப்படவில்லை, எனவே இன்றைய தெலங்கானாவும் அதற்குள் அடக்கம்.

| பகுதி | மக்கள்தொகை, 2011 |
|---|---|
| ஆந்திரப் பிரதேசம் | 8,45,80,777 |
| தமிழ்நாடு | 7,21,47,030 |
| கர்நாடகா | 6,10,95,297 |
| கேரளா | 3,34,06,061 |
| புதுச்சேரி | 12,47,953 |

ஐந்தே எண்கள்தான். ஆனாலும் லேபிளில் வரக்கூடிய சிக்கல்கள் அநேகமாக எல்லாமே இதில் இருக்கின்றன.

முதலில் அலகு, அப்புறம்தான் தசமம்

பலர் "எத்தனை தசமம் போடுவது?" என்று ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்பே ஒரு கேள்வி இருக்கிறது: எந்த அலகில் சொல்லப் போகிறோம்? அலகைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் தசமமும் கமாவும் பெரும்பாலும் தேவைப்படாமலே போய்விடும்.

கோடியில் சொல்லிப் பார்ப்போம். ஒரு தசமத்தோடு 8.5, 7.2, 6.1, 3.3, 0.1 என்று வரும். முதல் நான்கும் நன்றாகவே இருக்கின்றன. புதுச்சேரிதான் அடிபடுகிறது. உண்மையில் 0.125 கோடி, லேபிளில் 0.1 கோடி. அதாவது அதன் மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு லேபிளில் காணாமல் போய்விட்டது. அதைச் சரிசெய்ய இரண்டு தசமம் வைத்தால் 8.46, 7.21, 6.11, 3.34, 0.12. ஒரு சின்னப் பட்டைக்காக எல்லா லேபிளும் நீள்கிறது.

இப்போது லட்சத்தில் சொல்லிப் பாருங்கள்: 846, 721, 611, 334, 12. தசமம் இல்லை, கமா இல்லை, அதிகபட்சம் மூன்று இலக்கம். புதுச்சேரியும் மரியாதையாக 12 என்று நிற்கிறது. கோடியில் இரண்டு தசமம் வைத்தால் கிடைக்கும் அதே துல்லியம்தான் இதுவும், ஆனால் ஒவ்வொரு லேபிளிலும் குறைந்தது ஓர் எழுத்து குறைவு. கண் 8.46 என்பதைப் புள்ளியைப் பிரித்துப் படிக்க வேண்டும். 846 என்பதை ஒரே மூச்சில் படித்துவிடும்.

நான் வைத்திருக்கும் விதி இதுதான்: வரைபடத்தின் மிகப் பெரிய எண் இரண்டு அல்லது மூன்று இலக்க முழு எண்ணாக வரும்படி அலகைத் தேர்ந்தெடுங்கள். அதில் மிகச் சிறிய எண் 1-க்கும் கீழே போய்விட்டால் மட்டும் தசமத்தைப் பற்றி யோசியுங்கள்.

முழுமையாக்குவதால் எவ்வளவு தவறு வருகிறது என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். முழு லட்சத்துக்கு முழுமையாக்கினால் அதிகபட்சத் தவறு அரை லட்சம். ஆந்திராவின் 846-இல் அது ஒன்றுமே இல்லை. புதுச்சேரியின் 12-இல் 4 சதவீதம். வரைபடத்தில் 4 சதவீதம் தெரியுமா? பட்டைகள் 10 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 846 லட்சத்துக்கு 100 மில்லிமீட்டர் என்றால், ஒரு மில்லிமீட்டர் சுமார் எட்டரை லட்சம். புதுச்சேரியின் பட்டையே ஒன்றரை மில்லிமீட்டர்தான். பட்டை காட்ட முடியாத நுணுக்கத்தை லேபிள் மட்டும் காட்டி என்ன பயன்? ஒவ்வொரு தலையும் முக்கியம் என்றால் அதற்கு இடம் வரைபடத்தின் கீழே வைக்கும் அட்டவணை.

சில சமயம் ஒருவர் புதுச்சேரிக்கு "12 லட்சம்" என்றும் மற்றவற்றுக்கு "7.2 கோடி" என்றும் கலந்து போடுவார். பேச்சில் நாம் அப்படித்தான் சொல்வோம், அதனால் இயல்பாகவே தோன்றும். ஆனால் வரைபடத்தில் வாசகர் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார். 12-ஐயும் 7.2-ஐயும் பார்த்ததும் 12-தான் பெரிது என்று கண் முதலில் முடிவு செய்துவிடும், அலகைப் படிப்பது பிறகுதான். ஒரு வரைபடத்துக்கு ஒரே அலகு. அந்த அலகு தலைப்பில் ஒருமுறை வந்தால் போதும்: "மக்கள்தொகை, 2011 (லட்சத்தில்)". ஐந்து லேபிளிலும் "லட்சம்" என்று எழுதினால், எண்ணைச் சுருக்கி மிச்சப்படுத்திய இடமெல்லாம் அந்தச் சொல்லுக்கே போய்விடும்.

லட்சத்துக்கு எக்செல்லில் நேர்வழி இல்லை

இங்கேதான் நம்மவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எக்செல்லின் எண் வடிவத்தில் கடைசியில் ஒரு கமா வைத்தால், காட்டும் எண் ஆயிரத்தால் வகுபடும். இரண்டு கமா வைத்தால் பத்து லட்சத்தால்.

```
0,        72147030 → 72147
0.0,,     72147030 → 72.1
```

இலங்கையிலோ சிங்கப்பூரிலோ மில்லியனில் எழுதுபவர்களுக்கு இது அப்படியே போதும். `0.0,,` கொடுத்துவிட்டுத் தலைப்பில் "மில்லியன்" என்று போட்டால் வேலை முடிந்தது. ஆனால் லட்சம் என்பது ஆயிரத்தின் அடுக்கு இல்லை, கோடியும் இல்லை. எத்தனை கமா வைத்தாலும் லட்சம் வராது. அதற்கு இரண்டு வழிகள்.

முதல் வழி, ஒரு துணைப் பத்தி. மூல எண் B பத்தியில் இருந்தால் C பத்தியில் இப்படிப் போடுங்கள்:

```
=B2/100000
```

வரைபடத்தை C பத்தியிலிருந்து வரையுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: `=ROUND(B2/100000,0)` என்று போட்டுவிடாதீர்கள். ROUND மதிப்பையே மாற்றிவிடும். எண் வடிவம் தோற்றத்தை மட்டும்தான் மாற்றும். வடிவத்தால் சுருக்கினால் பட்டை உண்மையான 12.48-இன் உயரத்தில் நிற்கும், லேபிள் மட்டும் 12 என்று காட்டும். ROUND போட்டால் பட்டையும் 12-க்கு இறங்கிவிடும். அதைவிட மோசமானது, அந்தச் செல்லை வைத்து யாராவது பிறகு சதவீதமோ வளர்ச்சியோ கணக்கிட்டால் முழுமையாக்கிய தவறும் கூடவே போகும்.

இரண்டாவது வழி, செங்குத்து அச்சின் அலகை மாற்றுவது. அச்சின் மேல் வலது சொடுக்கு, Format Axis, அதில் Axis Options-இன் கீழே Display units என்ற பட்டியல். அதில் 100000, 10000000 இரண்டும் இருக்கின்றன, அதாவது லட்சமும் கோடியும். அதைத் தேர்ந்தெடுத்தால் அச்சு எண்களோடு டேட்டா லேபிளும் சேர்ந்து சுருங்கும். Show display units label on chart என்ற பெட்டியின் குறியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அச்சின் ஓரத்தில் அலகுக்கென்று ஒரு தனி எழுத்து வந்து நிற்கும்.

இரண்டில் நான் பெரும்பாலும் முதல் வழியைத்தான் எடுக்கிறேன். கோப்பைத் திறக்கும் அடுத்த ஆளுக்கு என்ன நடந்திருக்கிறது என்பது செல்லிலேயே தெரியும். அச்சுக்குள் ஒளிந்திருக்கும் அமைப்பை யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

லேபிளின் வடிவத்தை அமைத்தல்

ஏதாவது ஒரு லேபிளின் மேல் வலது சொடுக்கி Format Data Labels போங்கள். Label Options-இல் கீழே இறங்கினால் Number என்ற பகுதி வரும். அதில் Category பட்டியலில் Custom தேர்ந்தெடுத்து, Format Code பெட்டியில் `0` என்று எழுதி, பக்கத்தில் இருக்கும் Add பொத்தானை அழுத்துங்கள். அழுத்தாமல் வெளியே வந்தால் எழுதியது சேராது. "நான் போட்டேன், மாறவே இல்லையே" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது Add அழுத்தினீர்களா என்பதைத்தான்.

அங்கேயே Linked to source என்ற பெட்டி இருக்கும். அதில் குறி இருக்கும்வரை லேபிள் செல்லின் வடிவத்தைப் பின்பற்றும். நீங்கள் தனி வடிவம் கொடுத்ததும் அந்த இணைப்பு அறுந்துவிடும். அதன் பிறகு செல்லில் தசமத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் லேபிள் அசையாது. அட்டவணையில் முழு எண், வரைபடத்தில் சுருக்கம் என்று வேண்டுபவர்களுக்கு இதுதான் தேவை. இரண்டும் ஒன்றாக மாற வேண்டும் என்றால் குறியை விட்டுவிட்டுச் செல்லிலேயே வடிவத்தை வையுங்கள்.

தசமம் தேவைப்படும் இடத்தில் `0.#` என்று எழுதாதீர்கள். 7.2 சரியாகவே வரும். ஆனால் மதிப்பு சரியாக 7 என்றால் "7." என்று ஒரு புள்ளி தொங்கிக்கொண்டு நிற்கும். General வடிவமும் உதவாது, ஒரு லேபிள் 7 என்றும் அடுத்தது 8.45 என்றும் மூன்றாவது 6.1 என்றும் கோணலாக வரும். `0.0` என்று எழுதினால் 7-உம் 7.0 என்றே வரும். ஒரு எழுத்து கூடுதல்தான், ஆனால் எல்லா லேபிளும் ஒரே அகலத்தில் நிற்கும்.

கமா: நம் முறையா, மூன்று மூன்றாகவா?

அலகைச் சரியாக எடுத்தால் கமாவே வராது என்று சொன்னேன். வந்தாலும் பெரும்பாலும் சண்டை இல்லை. ஐந்து பகுதிகளின் மொத்தம் 2,525 லட்சம். இதில் கமா நம் முறைப்படி வைத்தாலும் மேல்நாட்டு முறைப்படி வைத்தாலும் ஒரே இடத்தில்தான் விழுகிறது. 99,999 வரை இரண்டும் ஒன்றுதான். ஆறாவது இலக்கத்திலிருந்துதான் பிரிகின்றன: 1,00,000 என்பது ஒன்று, 100,000 என்பது மற்றொன்று. எனவே லேபிளில் காட்டும் எண் ஐந்து இலக்கத்துக்குள் இருந்தால் `#,##0` எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும்.

முழு எண்ணைத்தான் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் சில அறிக்கைகளில் இருக்கும். அப்போது என்ன செய்வது? விண்டோஸில் Control Panel, Region, Additional settings, Digit grouping என்று போய் 12,34,56,789 என்பதைத் தேர்ந்தெடுத்தால் `#,##0` தானாகவே 7,21,47,030 என்று காட்டும். ஆனால் அது உங்கள் கணினியின் அமைப்பு, கோப்போடு போகாது. அதே கோப்பை வேறு அமைப்புள்ள கணினியில் திறந்தால் 72,147,030 என்று தெரியும். நான் ஒருமுறை இப்படி அனுப்பிய வரைபடத்தின் கீழே நானே தட்டச்சு செய்திருந்த விளக்கத்தில் லட்சக் கமா இருந்தது, எதிர்முனையில் லேபிளில் மில்லியன் கமா தெரிந்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு எண்களா என்று அங்கிருந்து கேட்டு எழுதினார்கள்.

கோப்போடு போகவேண்டும் என்றால் கமாவை வடிவத்துக்குள்ளேயே பதித்துவிடுங்கள்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;#,##0
```

பின்சாய்வுக்கோடு, அடுத்து வரும் கமாவை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள் என்று சொல்கிறது. கோடிக்கு மேல் ஒரு வடிவம், லட்சத்துக்கு மேல் ஒன்று, மற்றதெல்லாம் வழக்கப்படி. இதன் எல்லைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். எக்செல் இரண்டு நிபந்தனைகளுக்கு மேல் ஏற்காது. அதனால் எதிர்ம எண்கள் கடைசிப் பகுதிக்குப் போய் மூன்று மூன்றாகப் பிரியும் வழக்கத்துக்கே திரும்பிவிடும். 100 கோடியைத் தாண்டினால் முதல் இலக்கங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து 121,00,00,000 என்று வரும், 1,21,00,00,000 என்று வராது. தென் மாநிலங்களுக்கு இந்த வடிவம் போதும், இந்தியா முழுவதற்கும் என்றால் போதாது.

கூட்டினால் ஒன்று குறைகிறதே

நம் லேபிள்களைக் கூட்டுங்கள்: 846 + 721 + 611 + 334 + 12. விடை 2,524. ஆனால் மூல எண்களைக் கூட்டினால் 25,24,77,118, அதாவது 2,524.77 லட்சம். அது 2,525 என்று முழுமையாகும். தலைப்பில் "மொத்தம் 2,525 லட்சம்" என்று போட்டால், கால்குலேட்டரோடு உட்காரும் ஒருவர் நிச்சயம் கண்டுபிடிப்பார்.

இதை மறைக்க ஏதாவது ஒரு லேபிளில் ஒன்றைக் கூட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. முறையாகச் செய்பவர்கள்கூட, மேலே முழுமையாகாதவற்றில் தசமப் பகுதி அதிகமாக உள்ள எண்ணுக்கு அந்த ஒன்றைக் கொடுப்பார்கள். இங்கே அது யாருக்குப் போகும் என்று பாருங்கள். ஆந்திரா 845.81, கர்நாடகா 610.95 இரண்டும் ஏற்கெனவே மேலே போய்விட்டன. மிச்சத்தில் பெரிய தசமம் புதுச்சேரியின் 12.48. ஆக, 12 என்பது 13 ஆகும். கூட்டல் சரியாகிவிடும், ஆனால் மிகச் சின்னப் பகுதியின் எண்ணைத்தான் பொய்யாக்கியிருப்போம். நான் அதைச் செய்வதில்லை. ஒவ்வொரு லேபிளும் தன் மூல எண்ணிலிருந்து முழுமையாகட்டும், மொத்தமும் மூல மொத்தத்திலிருந்தே முழுமையாகட்டும். வரைபடத்தின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: "முழுமையாக்கியதால் கூட்டுத்தொகை சற்று மாறுபடலாம்."

சதவீதத்தில் இரண்டு பொறிகள்

இதே தரவை ஐந்து பகுதிகளின் பங்காக மாற்றி `0%` வடிவம் கொடுத்தால் 34%, 29%, 24%, 13%, 0% என்று வரும். அந்த 0% தவறான செய்தி. பன்னிரண்டு லட்சம் பேர் இருக்கும் இடத்தை யாருமே இல்லாத இடமாகக் காட்டுகிறது. உண்மைப் பங்கு 0.49%. இதற்காக எல்லாவற்றுக்கும் தசமம் வைக்கத் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

```
[=0]"";[<0.005]"<1%";0%
```

உண்மையான பூஜ்ஜியத்துக்கு லேபிள் இருக்காது. அரை சதவீதத்துக்குக் கீழே "<1%" என்று வரும். மற்றவை முழு எண். எல்லையை 0.01 என்று வைக்காமல் 0.005 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. 0.7% முறைப்படி 1% என்றுதான் முழுமையாக வேண்டும்.

இரண்டாவது பொறி வளர்ச்சி விகிதம். 2001-இல் தமிழ்நாடு 6,24,05,679, கர்நாடகா 5,28,50,562. பத்து வருட வளர்ச்சியைக் கணக்கிட்டால் தமிழ்நாடு 15.61%, கர்நாடகா 15.60%. முழு எண்ணில் இரண்டும் 16%, ஒரு தசமத்தில் இரண்டும் 15.6%. "இரண்டும் ஒன்றாகத் தெரிகிறதே, இரண்டு தசமம் வையுங்கள்" என்று யாராவது கேட்பார்கள். வைக்கக் கூடாது என்பது என் கருத்து. நூறில் ஒரு சதவீதப் புள்ளி வித்தியாசத்தை லேபிளில் காட்டினால், தமிழ்நாடு முந்திவிட்டது என்று ஒரு கதையை வாசகர் தாமே கட்டிக்கொள்வார். பட்டைகள் ஒரே உயரத்தில்தான் இருக்கின்றன, லேபிளும் ஒன்றாகவே இருக்கட்டும்.

தசமத்தைக் கூட்ட வேண்டிய நேரம் வேறு. இரண்டு பட்டைகளின் உயரம் கண்ணுக்கே வேறுபட்டுத் தெரிகிறது, ஆனால் லேபிள் இரண்டிலும் ஒரே எண் இருக்கிறது என்றால் வாசகர் குழம்புவார். எல்லா மதிப்புகளும் 2-க்கும் 5-க்கும் நடுவில் இருக்கும் வரைபடத்தில் 2.6, 3.4 இரண்டும் 3 என்று வந்தால் அப்படித்தான் ஆகும். அங்கே ஒரு தசமம் கட்டாயம் வேண்டும். நம் வளர்ச்சி வரைபடத்தில் கேரளா 4.9, ஆந்திரா 11.0, புதுச்சேரி 28.1 என்று நன்றாகவே விலகி நிற்கின்றன. 5, 11, 16, 16, 28 என்ற முழு எண்களே போதும்.

அனுப்பும் முன்

லேபிள்கள் சரியானதும் செங்குத்து அச்சையும் கிடைக்கோடுகளையும் பாருங்கள். ஒவ்வொரு பட்டையிலும் எண் இருக்கும்போது பக்கத்தில் 0, 100, 200 என்று இன்னொரு வரிசை எண்கள் தேவையில்லை. Display units வழியில் போனவர்கள் மட்டும் அச்சை Delete பொத்தானால் நீக்க வேண்டாம், Format Axis-இல் Labels பகுதிக்குப் போய் Label Position-ஐ None என்று வைத்துவிடுங்கள். லேபிளைச் சுருக்கிய அமைப்பு அந்த அச்சில்தான் இருக்கிறது.

அப்புறம் வரைபடத்தை அது கடைசியில் போய்ச் சேரும் அளவில் ஒருமுறை பாருங்கள். கைபேசியில் பார்ப்பார்கள் என்றால் கைபேசியில், அச்சுக்குப் போகும் என்றால் ஒரு தாளில். மூன்று இலக்க லேபிள்கூட அங்கே பட்டையைவிட அகலமாகத் தெரிந்தால், எண்ணை இனிமேலும் வெட்டாமல் பட்டைகளைக் கிடைமட்டமாகத் திருப்பிவிடுங்கள். "ஆந்திரப் பிரதேசம்" என்ற பெயருக்கும் அப்போது சாயாமல் நிற்க இடம் கிடைக்கும்.